இன்சைடர் கிளஸ்டர் சிக்னல் பேக்டெஸ்டில் ஓடுகிறது, நேரில் தடுமாறுகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி, நிதி அதிகாரி, இயக்குநர்கள் என்று உள்ளே இருப்பவர்களில் பலர், குறுகிய காலத்துக்குள் சொந்தப் பணத்தைப் போட்டு அதே நிறுவனத்தின் பங்கைச் சந்தையில் வாங்குகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நாமும் வாங்குவதுதான் கிளஸ்டர் சிக்னல். ஒருவர் வாங்க எத்தனையோ காரணம் இருக்கும். மூன்று பேர் தனித்தனியாக, தங்கள் கணக்கிலிருந்து, கணிசமான தொகைக்கு வாங்கினால் அதில் செய்தி இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் "தனித்தனியாக", "கணிசமான" என்ற இரண்டு சொற்களும், மூன்றாவதாக "நமக்கு எப்போது தெரிந்தது" என்ற கேள்வியும் கணினியில் சரியாக ஏறாவிட்டால், கையில் இருப்பது வேறு ஏதோ ஒன்று.

இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்கச் சந்தைத் தரவை. அங்கே அதிகாரிகளும் இயக்குநர்களும் 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களும் தங்கள் வர்த்தகத்தைப் படிவம் 4 வழியாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்.இ.சி.யிடம் சொல்ல வேண்டும். 2002 ஆகஸ்ட் வரை அடுத்த மாதம் 10ஆம் தேதி வரை அவகாசம் இருந்தது. சர்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்துக்குப் பிறகு, வர்த்தகம் நடந்த நாளுக்கு அடுத்த இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். 2003 நடுப்பகுதியிலிருந்து எல்லாம் மின்னணு வடிவில் எஸ்.இ.சி.யின் எட்கர் தளத்தில் கிடைக்கிறது. வேறு நாட்டுத் தரவை வைத்திருப்பவர்கள் கால அவகாசத்தையும் குறைந்தபட்சத் தொகை வரம்பையும் அந்த நாட்டு விதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பிழைகளின் வகை பெரிதாக மாறாது.

நான் தொடங்கும் விதி எளிமையானது. 30 நாட்களுக்குள் குறைந்தது 3 வெவ்வேறு நபர்கள், ஒவ்வொருவரும் குறைந்தது 25,000 டாலருக்கு வாங்கியிருக்க வேண்டும். கீழே வரும் கற்பனை நிறுவனத்தை வைத்தே எல்லா அறிகுறிகளையும் பார்ப்போம்.

2024 மே 7 அன்று காலாண்டு முடிவு வெளியானது. மே 9, வியாழன்: நிதி அதிகாரி 10,000 பங்குகளைச் சராசரி 18.40 டாலருக்கு வாங்கினார், மொத்தம் 1,84,000 டாலர். மே 13 மாலை 6:12க்கு ஃபைல் ஆனது. மே 10: இயக்குநர் ஒருவர் (இவரை அ என்போம்) 250 பங்குகளை 18.60க்கு வாங்கினார், 4,650 டாலர். மே 14 மாலை 5:05க்கு ஃபைல் ஆனது. மே 13: தலைமைச் செயல் அதிகாரி 25,000 பங்குகளை 18.90க்கு வாங்கினார், 4,72,500 டாலர். மே 15 இரவு 7:40க்கு ஃபைல் ஆனது. மே 14: இயக்குநர் ஆ 3,000 பங்குகளை 19.10க்கு வாங்கினார், 57,300 டாலர். மே 16 மாலை 4:45க்கு ஃபைல் ஆனது. இவர்களோடு இயக்குநர் இ. இவர் பிப்ரவரி 20 அன்று 8,000 பங்குகளை 21 டாலருக்கு வாங்கியதை மறந்துபோய் மே 14 மாலையில்தான் ஃபைல் செய்தார். கடைசியாக ஒரு முதலீட்டு நிதி, மே 13 அன்று 60,000 பங்குகள்.

## அறிகுறி: பேக்டெஸ்டில் வந்த லாபம் நேரில் பாதிகூட வரவில்லை

பேக்டெஸ்ட் என்பது விதியைப் பழைய தரவில் ஓட்டிப் பார்ப்பது. முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் மூன்று நேரங்கள் உண்டு. வாங்கிய நாள், ஃபைலிங் தேதி, எட்கர் அந்த ஆவணத்தை ஏற்றுக்கொண்ட நேரம். மூன்றாவதுதான் நமக்கு உரியது. பலருடைய நிரல் முதலாவதையோ இரண்டாவதையோ வைத்து என்ட்ரி போடுகிறது.

வாங்கிய நாளை வைத்து என்ட்ரி போடுவது அப்பட்டமான எதிர்காலப் பார்வை. நம் உதாரணத்தில் மே 9, 10, 13 ஆகிய மூன்று நாளில் மூன்று பேர் வாங்கிவிட்டார்கள் என்று, தொகை வரம்பும் பார்க்காத நிரல் எண்ணிக்கொண்டு, மே 13 முடிவு விலையான 18.95க்கு வாங்கிவிடும். அன்று சந்தை முடிந்த நேரத்தில் இந்த மூவரில் ஒருவருடைய படிவம்கூட வெளியே வரவில்லை.

ஃபைலிங் தேதி பார்க்க நேர்மையானதாகத் தெரியும். சிக்கலே அதில்தான். மற்றப் படிவங்கள் பெரும்பாலும் நியூயார்க் நேரம் மாலை 5:30க்குப் பிறகு வந்தால் அடுத்த வேலை நாள் தேதி பெறும். ஆனால் 3, 4, 5 ஆகிய படிவங்கள் இரவு 10 மணிக்குள் வந்தால் அதே நாள் தேதியையே பெறும். சந்தை முடிவதோ மாலை 4 மணிக்கு. படிவம் 4களில் பெரும்பாலானவை சந்தை முடிந்த பிறகு வருபவை. ஆகவே "ஃபைலிங் தேதியன்று முடிவு விலையில் வாங்கு" என்று எழுதினால், மாலையில் தெரியப்போகும் சேதியை மதியமே தெரிந்தவர்போல வாங்குகிறீர்கள். இந்த ஒரே பிழை, அறிவிப்புக்கு மறுநாள் காலை வரும் விலைத் தாவலை முழுவதுமாக லாபக் கணக்கில் சேர்த்துவிடும்.

ஏற்ற நேரம் ஆவணத்தின் மூல உரைக் கோப்பில், தலைப்பகுதியிலேயே இருக்கிறது:

```
<ACCEPTANCE-DATETIME>20240516164500
```

இது நியூயார்க் நேரம். வேறு இடத்திலிருந்து இதே நேரத்தை எடுக்கிறீர்கள் என்றால், ஏதாவது ஒரு ஃபைலிங்கின் விவரப் பக்கத்தை எட்கரில் திறந்து, அங்கே தெரியும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கைந்து மணி நேர வித்தியாசம் இருந்தால் நேர மண்டலம் கலந்திருக்கிறது. அந்த வித்தியாசம் மாலை ஃபைலிங்கைப் பகல் ஃபைலிங்காக மாற்றவும் போதும்.

சரியான கணக்கு இப்படி வரும். நிதி அதிகாரியின் வாங்கல் மே 14 காலையிலும், தலைமைச் செயல் அதிகாரியுடையது மே 16 காலையிலும், இயக்குநர் ஆவுடையது மே 17 காலையிலும் நமக்குத் தெரிகிறது. இயக்குநர் அ, தொகை வரம்புக்குக் கீழே இருக்கிறார். மூன்றாவது தகுதியான நபர் மே 17 காலையில்தான் கிடைக்கிறார். அன்றைய தொடக்க விலை 20.30 என்று வைத்துக்கொள்வோம். பிறகு பங்கு 22 டாலருக்குப் போய் அங்கே விற்றதாகக் கொண்டால், 18.95க்கு வாங்கிய பேக்டெஸ்ட் 16.1 சதவீத லாபம் காட்டும். உண்மையில் வாங்க முடிந்த விலையில் லாபம் 8.4 சதவீதம். பங்கு ஒன்றே, விற்ற விலையும் ஒன்றே, வாங்கிய தேதிதான் வேறு.

உங்கள் நிரலில் இந்தக் கசிவு இருக்கிறதா என்று உடனே அறிய ஒரு சோதனை உண்டு. எல்லா என்ட்ரிகளையும் ஒரு வேலை நாள் தள்ளிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் வைத்திருக்கும் உத்தி, ஒரு நாள் தாமதத்தில் கொஞ்சம் குறையலாம், சரிந்து விழக் கூடாது. விழுந்தால் லாபம் அத்தனையும் அந்த ஒரு நாள் தாவலில் இருந்திருக்கிறது, அது நமக்குக் கிடைக்காத பணம்.

## அறிகுறி: பழைய வாங்கல் ஒன்று புதிய கிளஸ்டரை முடித்துவைக்கிறது

என்ட்ரி நேரத்தைச் சரி செய்தவர்கள் அடுத்து விழும் குழி இது. எல்லாவற்றையும் ஃபைலிங் தேதியாலேயே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது பிப்ரவரியில் வாங்கிய இயக்குநர் இ, மே மாதக் கிளஸ்டரில் ஒருவராகச் சேர்ந்துவிடுவார். அவர் வாங்கியது காலாண்டு முடிவுக்கு முன்னால், வேறு விலையில், வேறு நிலவரத்தில். நிதி அதிகாரியின் முடிவுக்கும் அவர் முடிவுக்கும் தொடர்பே இல்லை. சின்ன வாங்கலுக்கான வடிகட்டியும் இல்லாத நிரலில், நிதி அதிகாரி, இயக்குநர் அ, இயக்குநர் இ மூவரையும் சேர்த்து மே 15 காலையிலேயே சிக்னல் அடிக்கும். அந்த மூவரில் இருவர் கணக்கில் வரவே கூடாதவர்கள்.

ஆகவே இரண்டு தேதிக்கும் இரண்டு வேலை கொடுங்கள். கிளஸ்டரின் 30 நாள் சன்னல் வாங்கிய தேதியால் அளக்கப்பட வேண்டும். அந்த வாங்கல் நமக்குத் தெரியுமா தெரியாதா என்பது ஏற்ற நேரத்தால் தீர்மானிக்கப்பட வேண்டும்.

அதற்குமேல் தாமத வடிகட்டி ஒன்றும் தேவை. வாங்கிய நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் இடையில் எத்தனை வேலை நாள் என்று எண்ணுங்கள். இரண்டு வரை இயல்பு. மூன்று முதல் ஐந்து வரையும் சட்டப்படி நியாயமாக வர இடமுண்டு. முன்கூட்டியே எழுதிவைத்த வர்த்தகத் திட்டத்தின்படி, எந்த நாளில் வாங்குவது என்பதைத் தரகரே தீர்மானித்தால், தரகர் தகவல் சொன்ன நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்கு அதிகபட்சம் வர்த்தகத்துக்குப் பின் மூன்று வேலை நாள். ஐந்துக்கு மேல் போனால் அது தாமத ஃபைலிங். நான் அதைக் கிளஸ்டர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆனால் தரவிலிருந்து அழிப்பதும் இல்லை, ஏனென்றால் அந்த நபரின் கையிருப்பு கணக்கிட அது வேண்டும். முன்கூட்டிய திட்டப்படி நடந்த வாங்கலையே எண்ணலாமா என்பது தனிக் கேள்வி. முடிவு மாதங்களுக்கு முன் எடுக்கப்பட்டது என்பதால் நான் எண்ணுவதில்லை. 2023 ஏப்ரலிலிருந்து படிவத்தில் இதற்கென ஒரு கட்டம் இருக்கிறது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் அடிக்குறிப்பைத்தான் படிக்க வேண்டும்.

படிவத்தில் `transactionTimeliness` என்று ஒரு புலம் இருக்கிறது, தாமதமானால் `L` என்று போடலாம். அதை நம்பிக் கணக்கை விட்டுவிடாதீர்கள். நிரப்புவது ஃபைல் செய்பவரே. நாமே எண்ணுவதுதான் உறுதி. விடுமுறை நாள் பட்டியலைக் கொடுக்க மறந்தால், நீண்ட வார இறுதிகளை ஒட்டிய நேர்மையான ஃபைலிங்குகள் தாமதமானவையாகத் தோன்றும்.

## அறிகுறி: ஒரே நாளில் ஐந்தாறு பேர், பங்கு எண்ணிக்கைகூட ஒன்றே

இது கிளஸ்டரே அல்ல. நம் உதாரணத்து முதலீட்டு நிதி வாங்கிய 60,000 பங்குகளை, நிதி ஒரு முறை, அதை நிர்வகிக்கும் நிறுவனம் ஒரு முறை, அந்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் நபர் ஒரு முறை என மூன்று பெயரில் அறிவிப்பார்கள். சட்டம் அப்படித்தான் கேட்கிறது. பெயர்களை எண்ணும் நிரலுக்கு ஒரே வாங்கலில் மூன்று பேர் கிடைத்து, கிளஸ்டர் முழுமையாகிவிடும்.

அதிகாரியும் இல்லாத, இயக்குநரும் இல்லாத 10 சதவீதப் பங்குதாரர்களை முழுவதுமாக நீக்கிவிடுவது நல்ல தொடக்கம். ஆனால் அது போதாது. நிதியின் பிரதிநிதி இயக்குநர் குழுவில் இருந்தால், சில நேரம் நிதியே `isDirector` என்று குறித்துக்கொள்ளும். ஒரே ஆவண எண்ணுக்குள் இருப்பவர்களை ஒருவராக எண்ணலாம் என்றால் அதிலும் ஓட்டை. ஒரு ஃபைலிங்கில் பத்துப் பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால், மீதிப் பேர் அதே வாங்கலை இன்னொரு ஃபைலிங்கில் சொல்வார்கள். ஆகவே நிறுவனம், வாங்கிய தேதி, பங்கு எண்ணிக்கை, விலை, வாங்கிய பின் கையிருப்பு ஆகிய ஐந்தும் ஒத்துப்போனால் ஒரே வாங்கல் என்று கொள்ளுங்கள்.

திருத்தப் படிவமான `4/A` இன்னொரு இரட்டிப்பு. அது பழைய வாங்கலையே மறுபடி சொல்லும். புதிய வாங்கலாக எண்ணாதீர்கள். திருத்திய எண்களைத் திருத்தம் வெளியான நேரத்திலிருந்து மட்டும் பயன்படுத்துங்கள். நிறுவனங்களை அடையாளம் காணப் பங்கின் டிக்கர் குறியீட்டை விட்டு, எஸ்.இ.சி. நிறுவனத்துக்குக் கொடுக்கும் எண்ணான `issuerCik` பயன்படுத்துவதும் இங்கேயே செய்துவிட வேண்டிய வேலை. கைவிடப்பட்ட குறியீட்டை வேறு நிறுவனம் எடுத்துக்கொள்வது சகஜம்.

## அறிகுறி: சிக்னலில் சில்லறை வாங்கல்கள், அல்லது பெரிய வாங்கல் காணாமல் போகிறது

இரண்டும் எதிரெதிராகத் தெரியும், வேர் ஒன்றுதான். வடிகட்டி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது.

சின்ன வாங்கல் ஏன் வருகிறது? இயக்குநர்கள் குறிப்பிட்ட அளவு பங்கு வைத்திருக்க வேண்டும் என்று பல நிறுவனங்களில் உள்விதி உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் அதை எட்டக் கொஞ்சம் வாங்குவார். விலை விழுந்த நேரத்தில் "எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது" என்று காட்டவும் சிலர் வாங்குவார்கள். 42,000 பங்கு வைத்திருக்கும் இயக்குநர் அ 250 பங்கு சேர்த்தது கையிருப்பில் 0.6 சதவீதம். அதிலிருந்து அவர் மனதைப் படிக்க முடியாது.

எனவே 25,000 டாலர் வரம்பு. ஆனால் கிளஸ்டரை எண்ணி முடித்த பிறகு "மொத்தத் தொகை இவ்வளவு இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால், ஒருவருடைய பெரிய வாங்கலின் நிழலில் இரண்டு சில்லறை வாங்கல்கள் தப்பிவிடும். தலைமைச் செயல் அதிகாரியின் 4,72,500 டாலரோடு இரண்டு 4,000 டாலர் வாங்கல்கள் சேர்ந்தால் மொத்தம் பெரிதாகத்தான் இருக்கும். அங்கே உண்மையில் வாங்கியவர் ஒருவர். வரம்பு தலைக்கு இவ்வளவு என்று இருக்க வேண்டும், எண்ணுவதற்கு முன் ஓட வேண்டும்.

மறுபக்கம், படிவத்தின் ஒவ்வொரு வரியிலும் வரம்பைப் போட்டால் நல்லவையும் போய்விடும். ஒரு ஆர்டர் பல விலைகளில் நிறைவேறினால் ஒவ்வொரு விலையும் தனி வரியாக வரலாம். ஒரு டாலர் வீச்சுக்குள் நடந்தவற்றைச் சராசரி விலையோடு ஒரே வரியாகவும் சொல்லலாம். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. நம் நிதி அதிகாரியின் 1,84,000 டாலர் பத்து வரிகளாக, வரிக்குச் சுமார் 18,400 டாலராக வந்திருந்தால், வரிக்கு 25,000 என்ற வடிகட்டி பத்தையும் தூக்கி எறியும். நிதி அதிகாரி வாங்கவே இல்லை என்று நிரல் சொல்லும். தினமும் 9,000 டாலராக நான்கு நாள் வாங்குபவருக்கும் இதே கதி.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் நபர்வாரியாகக் கூட்டு, பிறகு வரம்பு, பிறகு எண்ணிக்கை. அதுவும் அந்தக் கணத்தில் தெரிந்தவற்றை மட்டும் கூட்டு.

```python
def cluster_on(buys, issuer, now):
    w = buys[(buys.issuerCik == issuer)
             & (buys.accepted < now)
             & (buys.transactionDate >= now - pd.Timedelta(days=30))
             & (buys.lag <= 5)]
    usd = w.groupby("rptOwnerCik").usd.sum()
    return (usd >= 25_000).sum() >= 3
```

`now` என்பது ஒவ்வொரு வர்த்தக நாளின் காலை 9:30. `buys` அட்டவணைக்குள் இரட்டிப்பும், அதிகாரியோ இயக்குநரோ அல்லாத பங்குதாரர்களும், முன்கூட்டிய திட்டப்படி நடந்த வாங்கல்களும் நீக்கிய, `transactionCode` மதிப்பு `P` ஆக உள்ள வரிகள் மட்டும் இருக்க வேண்டும். பணிக்காகக் கிடைத்த பங்கு `A`, விருப்ப உரிமையைப் பயன்படுத்தியது `M`. இவை கையிருப்பைக் கூட்டினாலும் சந்தையில் வாங்கியவை அல்ல. மே 16 காலை இந்த நிரலை ஓட்டினால் இருவர்தான் தேறுவார்கள். மே 17 காலை மூவர்.

டாலர் வரம்பு மட்டும் போதுமா? கையிருப்போடு ஒப்பிடும் விகிதத்தையும் பார்ப்பது நல்லது, ஆனால் அதைத் தனியாக நம்பக் கூடாது. இயக்குநர் ஆவிடம் முன்பு 5,000 பங்கு இருந்தது, 3,000 சேர்த்தார், 60 சதவீத உயர்வு. தலைமைச் செயல் அதிகாரியிடம் 3,10,000 இருந்தது, 25,000 சேர்த்தார், 8 சதவீதம். விகிதத்தைப் பார்த்தால் இயக்குநர் துணிச்சல்காரர். பணத்தைப் பார்த்தால் தலைமை அதிகாரி எட்டு மடங்குக்கு மேல் போட்டிருக்கிறார். கையிருப்பே இல்லாத புதியவருக்கு விகிதம் முடிவிலியாகிவிடும், நிரல் அவரைச் சிறந்த வாங்கலாகக் காட்டும். நான் செய்வது, டாலர் வரம்பைக் கட்டாயமாக வைத்து, விகிதத்தை 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களை விலக்க மட்டும் பயன்படுத்துவது. நிறுவனரைப்போல மிகப் பெரிய கையிருப்பு உள்ளவருக்கு அந்த 1 சதவீதமும் அநியாயமாக இருக்கும். 2,50,000 டாலருக்கு மேல் போட்டவருக்கு விகிதச் சோதனையைத் தளர்த்திவிடுகிறேன். கணக்கிடும்போது ஒரு கவனம்: சொந்தப் பெயரில் உள்ளதும் குடும்ப அறக்கட்டளை வழியாக உள்ளதும் தனித்தனி கையிருப்பாகப் படிவத்தில் வரும். ஒன்றை மட்டும் எடுத்தால் விகிதம் பொய்யாகப் பெருகும்.

25,000 என்ற எண்ணில் புனிதம் எதுவும் இல்லை. 15,000, 40,000 என்றும் ஓட்டிப் பாருங்கள். முடிவு மெல்ல நகர்ந்தால் சரி. 25,000இல் பிரமாதமாகவும் 30,000இல் மோசமாகவும் இருந்தால், நாலைந்து வர்த்தகங்கள்தான் மொத்த லாபத்தையும் தூக்கி நிறுத்துகின்றன. அவற்றைத் திறந்து ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

## அறிகுறி: மூன்று பேரும் ஒரே நாளில், ஒரே விலையில், முழு எண் விலையில்

மூவரும் 12.00 டாலருக்கு வாங்கியிருந்தால் பெரும்பாலும் நிறுவனம் புதிய பங்கு வெளியிட்டு, அதில் இவர்களும் பங்கெடுத்திருக்கிறார்கள். `P` குறியீடு திறந்த சந்தை வாங்கலுக்கும் தனிப்பட்ட வாங்கலுக்கும் பொதுவானது, ஆகவே குறியீட்டைப் பார்த்துப் பிரிக்க முடியாது. வெளியீட்டில் உள்ளே இருப்பவர்களும் பணம் போடுவது முதலீட்டாளர்களைக் கூட்டக் கேட்டுக்கொண்டதாக இருக்கலாம். தனித்தனி முடிவு என்ற அடிப்படையே அங்கே போய்விடுகிறது.

அன்றைய உச்ச, நீச விலைக்கு வெளியே வாங்கிய விலை இருந்தால் நீக்குங்கள். உள்ளே இருந்தாலும் எல்லோருடைய விலையும் காசு பிசகாமல் ஒன்றாக இருந்தால் அடிக்குறிப்பைப் பாருங்கள். `offering`, `underwriter`, `private placement` ஆகிய சொற்களைத் தேடினாலே பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

## அறிகுறி: சிக்னல் சரி, ஆனால் வாங்கும்போது விலை ஏறிவிட்டது

மேலே உள்ள எல்லாவற்றையும் சரி செய்த பிறகும் இது இருக்கும், ஏனென்றால் இது நிரல் பிழை அல்ல. மூன்றாவது நபருக்காகக் காத்திருப்பதன் விலை. நம் மூவரும் சேர்ந்து 38,000 பங்குகளை 7,13,800 டாலருக்கு வாங்கியிருக்கிறார்கள், சராசரி 18.78. நமக்குக் கிடைப்பது 20.30, அதாவது 8.1 சதவீதம் அதிகம்.

இதற்கு ஒரு மேல்வரம்பு வைக்க வேண்டும். கிளஸ்டரின் சராசரி விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் வாங்குவதில்லை என்பது நான் வைக்கும் அளவு. 5 சதவீதம் என்றால் இந்த வர்த்தகமே நடக்காது. எது சரி என்பது பங்கின் வழக்கமான அசைவைப் பொறுத்தது. ஒரு வாரத்தில் 8 சதவீதம் ஆடுவது சகஜமான சிறு நிறுவனத்துக்கு 5 சதவீத வரம்பு போட்டால், விலை விழுந்துகொண்டிருக்கும் கிளஸ்டர்கள் மட்டுமே கையில் தங்கும். அப்படி ஒரு பக்கச் சாய்வு வந்திருக்கிறதா என்று பார்க்க, வரம்பால் நிராகரித்தவற்றின் பிற்கால வருமானத்தையும் கணக்கிட்டு வையுங்கள். நிராகரித்தவை எடுத்தவற்றைவிட நன்றாகப் போயிருந்தால் வரம்பு உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. வரம்பை ஒப்பிடும் விலை, ஆர்டர் போடும் கணத்தில் தெரிந்த விலையாக இருக்க வேண்டும் என்பதையும் சரிபாருங்கள். அன்றைய முடிவு விலையால் வடிகட்டிவிட்டுத் தொடக்க விலையில் வாங்கினால், முதல் அறிகுறியில் பார்த்த கசிவு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

சிறு பங்குகளில் வாங்கல்-விற்றல் விலை இடைவெளியையும் கழித்தே கணக்கிடுங்கள். இன்சைடர் வாங்கலின் பலன் சிறு நிறுவனங்களில்தான் அதிகம் தெரியும், இடைவெளி அகலமாக இருப்பதும் அங்கேதான்.

## அறிகுறி: வடிகட்டிய பின் சிக்னல் மிகக் குறைவு, லாபமும் ஒன்றிரண்டு மாதங்களில் குவிந்திருக்கிறது

முதலில் ஒவ்வொரு வடிகட்டிக்குப் பின்னும் எத்தனை வரிகள் மிஞ்சுகின்றன என்று அச்சிடுங்கள். ஒரே படியில் பெரும்பகுதி மறைந்தால் அங்கே பிழை இருக்க வாய்ப்பு. விடுமுறைப் பட்டியல் இல்லாத தாமத வடிகட்டியும், வரிக்கு வரி ஓடும் தொகை வடிகட்டியும் இப்படித்தான் பிடிபடும்.

படிப்படியாகக் குறைந்திருந்தால் அது இயல்பு. காலாண்டு முடிவுக்கு முந்தைய வாரங்களில் பெரும்பாலான நிறுவனங்கள் உள்ளே இருப்பவர்களை வாங்க விடுவதில்லை. முடிவு வெளியான ஓரிரு நாளில் கதவு திறக்கும், வாங்கல்களும் அப்போது கொத்தாக வரும். அதனால் சில கிளஸ்டர்கள் நாட்காட்டியால் உண்டானவை. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதம் வாங்கும் பழக்கமுள்ளவர் இருந்தால் அவரை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். கோஹன், மல்லாய், பொமோர்ஸ்கி மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஒரே மாதத்தில் வர்த்தகம் செய்தவர்களை வழக்கமானவர்கள் என்று பிரித்துப் பார்த்து, தகவல் மற்றவர்களுடைய வர்த்தகத்தில்தான் இருக்கிறது என்று காட்டியது. மூன்று ஆண்டு வரலாறு இருக்கும் நபர்களுக்கு இந்த வடிகட்டி நன்றாக வேலை செய்யும்.

2008 இறுதி, 2020 மார்ச் போன்ற காலங்கள் வேறு விஷயம். சந்தை முழுவதும் சரிந்தபோது உள்ளே இருப்பவர்கள் பரவலாக வாங்கினார்கள், சந்தை முழுவதும் மீண்டபோது அவர்கள் வாங்கியவையும் ஏறின. அந்த மாதத்து இருநூறு சிக்னல்களை இருநூறு தனிச் சான்றாக எண்ணினால் புள்ளியியல் சோதனை தாராளமாகப் பொய் சொல்லும். ஒவ்வொரு மாதத்துச் சிக்னல்களையும் ஒரே தொகுப்பாகச் சராசரியெடுத்து, அதிலிருந்து அதே அளவு நிறுவனங்களின் சந்தைக் குறியீட்டு வருமானத்தைக் கழியுங்கள். பிறகு அந்த இரண்டு காலங்களையும் விட்டுவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் செலவு போக ஏதாவது மிஞ்சினால்தான் அதில் பணம் போடுவது பற்றி யோசிப்பேன். மிஞ்சாவிட்டால், உங்கள் உத்தி சந்தைச் சரிவில் வாங்குவதை வேறு பெயரில் செய்துகொண்டிருக்கிறது. அதற்குப் படிவம் 4 தேவையில்லை.